எதையும் கேட்காத ஒரு குறுஞ்செய்தி: பேச்சு விட்டுப்போன சக ஊழியருக்கு எழுதுவது எப்படி

ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருவர் வேலையை மற்றவர் தாங்கிப் பிடித்து, பிறகு எந்தச் சண்டையும் இல்லாமல் பேச்சு நின்றுபோன ஒருவர் பெரும்பாலும் எல்லோருடைய கைப்பேசியிலும் இருப்பார். சிங்கப்பூரில் இது சீக்கிரம் நடக்கும். ஒப்பந்தம் முடிகிறது, கம்பெனி கைமாறுகிறது, ஒருவருக்கு துவாஸில் வேலை, மற்றவருக்கு சாங்கியில். பிரிவுபசார மதிய உணவில் எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவில் வரும், நாலு பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள், அதோடு அந்தக் குழு அடங்கிவிடும். இப்படி அடங்கிப்போன தொடர்பைத் திரும்பத் திறக்கும் சின்னச் செய்தியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதிலும் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சேர்ந்து செய்த ஒரு வேலையை நினைவுபடுத்தி, பதிலுக்கு எதையும் கேட்காமல் முடிந்துவிடும் செய்தி.

முதலில், அடங்கிய தொடர்பும் அறுந்த தொடர்பும் ஒன்றல்ல. 2011இல் மேலாண்மை ஆய்வாளர் டேனியல் லெவினும் அவருடைய இரண்டு சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலையில் இருந்துகொண்டே மேலாண்மை படித்த அதிகாரிகளிடம், குறைந்தது 3 ஆண்டுகளாகப் பேசாத பழைய தொடர்புகளைத் தேடிப்பிடித்து, தற்போதைய வேலை ஒன்றைப் பற்றி ஆலோசனை கேட்கச் சொன்னார்கள். கிடைத்த ஆலோசனை, தினமும் பேசும் ஆட்கள் தந்ததைவிடப் புதிதாக இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நம்மோடு தினமும் இருப்பவருக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். பிரிந்துபோனவர் இத்தனை வருடமும் வேறு இடத்தில் வேறு ஆட்களோடு இருந்திருக்கிறார். ஆனாலும் பழைய நம்பிக்கை அப்படியே இருக்கிறது, முதலிலிருந்து பழக வேண்டியதில்லை.

அந்த ஆய்வில் உதவி நேரடியாகவே கேட்கப்பட்டது, அது வேலையும் செய்தது. அப்படியிருக்க, எதையும் கேட்காத செய்தி எதற்கு? ஏனென்றால் நம்மில் பலருக்கு இப்போது கேட்க ஒன்றுமில்லை. ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார், அவ்வளவுதான். "காரணமில்லாமல் எப்படி எழுதுவது, வேலை கேட்கிறான் என்று நினைத்துவிடுவாரே" என்று விட்டுவிடுகிறோம். பிறகு உண்மையிலேயே தேவை வரும்போது, "இத்தனை வருஷம் கழித்து வேலைக்காகவா எழுதுவது" என்று அப்போதும் விட்டுவிடுகிறோம். இரண்டு பக்கமும் கதவு அடைத்துக்கொள்கிறது.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. உளவியலாளர்கள் லாரா ஆக்னின், ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராம் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பருக்கு எழுத ஆசைப்பட்டவர்களில், நண்பரின் தொடர்பு விவரம் கையில் இருந்தும், எழுதுவதற்கென்றே நேரம் ஒதுக்கித் தந்தும், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே செய்தியை அனுப்பினார்கள். 2022இல் வந்த இன்னோர் ஆய்வு மறுபக்கத்தைப் பார்த்தது. இப்படித் திடீரென்று வரும் செய்தியைப் பெறுபவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை அனுப்புபவர்கள் குறைத்தே கணித்திருந்தார்கள். எதிர்பாராமல் வந்தது என்பதே அந்த மகிழ்ச்சிக்கு முக்கியக் காரணமாக இருந்தது.

ஆனால் சிங்கப்பூரில் எதிர்பாராமல் வரும் செய்திக்கு இன்னொரு முகமும் உண்டு. "நான் யார் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று ஆரம்பித்து, "எண் மாறிவிட்டது, சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, சில நாளில் அவசரமாகப் பணம் கேட்கும் போலி நண்பர் மோசடியைப் பற்றிக் காவல்துறை பல வருடங்களாக எச்சரித்துவருகிறது. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கும்படி சொல்லியிருக்கிறார்கள். இது போதாதென்று, பள்ளிக்கூட நண்பன் பத்து வருடம் கழித்து "எப்படி இருக்கே" என்று கேட்டால் அடுத்த வரி காப்புறுதித் திட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் ஊர் இது. ஆகவே இங்கே பழைய தொடர்புக்கு எழுதுபவர் முதல் இரண்டு வரியிலேயே இரண்டு சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும்: நான் உண்மையிலேயே அந்த ஆள்தானா, எனக்கு என்ன வேண்டும்?

முதல் சந்தேகத்தைத் தீர்ப்பது சேர்ந்து செய்த வேலையைப் பற்றிய ஒரு துல்லியமான நினைவு. இரண்டாவதைத் தீர்ப்பது எதையும் கேட்காமல் முடியும் முடிவு. இந்த இரண்டும் இருந்தால் மற்றவை தானாக அமையும். ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்த்துவிடலாம்.

கவிதா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 2019இல் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவருக்கு மேலே ராஜேந்திரன், அனுபவசாலி. தீபாவளிக்கு முன்பு தூத்துக்குடியிலிருந்து அகல்விளக்கு ஏற்றிய கண்டெய்னர் ஒன்று வருகிறது. இறக்குமதி பெர்மிட்டுக்கு டிரேட்நெட் என்ற அரசு இணைய அமைப்பில் விவரம் போட வேண்டும். கவிதா பில்லில் இருந்த எடையை எடுத்துப் போட்டு வைத்திருக்கிறார். அனுப்புவதற்கு முன்பு ராஜேந்திரன் பில், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்து, எடை ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்கிறார். மரப்பெட்டியும் வைக்கோலும் சேராத நிகர எடையை, பில் எழுதியவர் மொத்த எடைக் கட்டத்தில் போட்டிருக்கிறார். தூத்துக்குடிக்குப் போன் போட்டு, திருத்திய பில் வரும்வரை இருவரும் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். 2021இல் கவிதா வேறு கம்பெனிக்கு மாறுகிறார். அதன்பிறகு ராஜேந்திரனோடு பேச்சில்லை.

இப்போது கவிதா ஒரு புதிய பெண்ணுக்கு அதே வேலையைச் சொல்லிக்கொடுக்கிறார். ராஜேந்திரன் நினைவுக்கு வருகிறார். கை முதலில் தட்டச்சு செய்வது பெரும்பாலும் இதுவாக இருக்கும்:

"ஹாய் அண்ணே, எப்படி இருக்கீங்க? என்னை ஞாபகம் இருக்கா? ஃப்ரீயா?"

இதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. ஆனால் ஒரே வரியில் மூன்று கேள்வி. எண் மாறியிருந்தால் பெயர்கூடத் தெரியாது. "ஞாபகம் இருக்கா" என்பது மோசடிக்காரர்கள் தொடங்கும் அதே தொடக்கம். "ஃப்ரீயா" என்பது அடுத்து ஏதோ வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறது. ராஜேந்திரன் பதில் போடுவதற்கு முன்பே, "என்ன வேணுமாம்?" என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

அதை அழித்துவிட்டு அடுத்ததாக எழுதுவது பெரும்பாலும் மன்னிப்பு: "இத்தனை நாள் பேசாம இருந்ததுக்கு மன்னிச்சிடுங்க அண்ணே, கல்யாணம், குழந்தை, வேலைன்னு ஓடிப்போச்சு, பல தடவை எழுதணும்னு நினைச்சேன்..." இது மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தி முழுக்க கவிதாவைப் பற்றியே ஆகிவிட்டது. ராஜேந்திரனும் எழுதவில்லையே, அவருக்கும் இப்போது குற்ற உணர்வு வரும். "பரவாயில்லம்மா" என்று சமாதானம் சொல்லும் கடமையும் அவர் தலையில் விழுகிறது. பேசாமல் போன காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதே நல்லது. இருவருக்கும் அது தெரிந்ததுதான்.

மூன்றாவதாக எழுதக்கூடியது: "அண்ணே, கவிதா. அந்தக் காலத்துல உங்ககிட்ட நிறைய கத்துக்கிட்டேன், ரொம்ப நன்றி. ஒருநாள் தேக்கால டீ குடிக்கலாமே." இது முதல் இரண்டையும்விட நன்றாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு குறை. "நிறைய கத்துக்கிட்டேன்" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதனால் யாரையும் தொடாது. டீ குடிக்கலாம் என்பதும் ஒரு கேட்புதான். தேதி பார்க்க வேண்டும், வர முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். சந்திக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவரே சொல்வார், அந்த இடத்தை அவருக்கு விட்டுவைக்கலாம்.

கடைசியாகக் கவிதா அனுப்பியது இது:

"ராஜேந்திரன் அண்ணே, வணக்கம், கவிதா. 2019 தீபாவளிக்கு அகல்விளக்கு கண்டெய்னருக்குத் திருத்துன பில்லு வர்ற வரைக்கும் ராத்திரி உட்கார்ந்திருந்தோமே, அந்தக் கவிதா. இன்னைக்கு இங்க புதுசா வந்த பொண்ணுக்கு ஆவணம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். மூணு பேப்பரையும் மேசைல வரிசையா வச்சு முதல்ல எடையைப் பாருன்னு சொன்னேன். சொல்லும்போதே உங்க பழக்கம்தான்னு தோணுச்சு. அதைச் சொல்லத்தான் எழுதினேன். நேரம் இருக்கும்போது பார்த்தாப் போதும் அண்ணே, ஒரு அவசரமும் இல்ல."

இதில் பெயர் முதல் வரியிலேயே வருகிறது. கைப்பேசித் திரையில் அறிவிப்பாக வருவது அந்த வரிதான், செய்தியைத் திறப்பதா வேண்டாமா என்று அவர் முடிவெடுப்பதும் அதைப் பார்த்துத்தான். அடுத்து, ஒரு மோசடிக்காரருக்குத் தெரியவே முடியாத விவரம். அகல்விளக்கு, திருத்திய பில், ராத்திரி. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் கிடையாது. ராஜேந்திரனுக்குக் கவிதாவின் முகம் மறந்திருந்தாலும் அந்த இரவு மறந்திருக்காது.

அதற்கடுத்து வருவது, ஏன் இன்றைக்கு என்பதற்கான பதில். இந்த வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத செய்தி எவ்வளவு அன்பாக இருந்தாலும், படிப்பவர் மனதில் "இப்போ எதுக்கு?" என்ற கேள்வி நிற்கும், நாம் சொல்லாத காரணத்தை அவரே ஊகிப்பார். புதிய பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது உண்மையாக நடந்தது, இன்றைக்கு நடந்தது, அதுவே காரணம். இந்தக் காரணத்தை ஒருபோதும் இட்டுக்கட்டக் கூடாது. அவர் பதிலில் "அந்தப் பொண்ணு எப்படிச் செய்யுது?" என்று கேட்டால் சொல்ல ஒன்று இருக்க வேண்டும்.

கவனித்தால், நன்றி என்ற சொல்லே செய்தியில் இல்லை. அவர் செய்த ஒரு காரியம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. வேலையில் ஒருவரைப் பாராட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. "நீங்க ரொம்ப நல்ல மேலாளர்" என்பது ஒரு கருத்து. மூன்று பேப்பரையும் வரிசையாக வைப்பது அவர் கையால் செய்தது.

கடைசி வரியில் விடுதலை. சிலர் இங்கே "பதில் போட வேண்டாம்" என்று எழுதுவார்கள். சமவயதுக்காரர்களிடம் அது சரி. மூத்தவர்களிடம் அது சற்று வெட்டிவிட்டாற்போல ஒலிக்கிறது, நான் பதிலுக்குத் தகுதியில்லாதவனா என்றுகூட நினைப்பார்கள். "நேரம் இருக்கும்போது பார்த்தாப் போதும்" என்பது அதே விடுதலையை மரியாதையோடு தருகிறது. செய்தி முழுவதிலும் ஒரு கேள்விக்குறி கிடையாது. "எப்படி இருக்கீங்க" என்பதைக்கூட விட்டிருப்பது சிலருக்கு உறுத்தும். அதைச் சேர்த்தால் பெரிய கேடு இல்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்துக் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் நீளமாக இருக்கும். உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், வேலை போயிருக்கலாம். கேள்வி இல்லாவிட்டால், அவருக்கு எதைச் சொல்லத் தோன்றுகிறதோ அதை மட்டும் சொல்வார்.

மொழியைப் பற்றி ஒன்று. அவரோடு எந்த மொழியில் பேசினீர்களோ அதிலேயே எழுதுங்கள். பேச்சு முழுக்கத் தமிழில் இருந்துவிட்டு, இப்போது மணிமணியான ஆங்கிலத்தில் எழுதினால் கம்பெனிக் கடிதம்போல ஆகிவிடும். அண்ணே என்று அழைத்தவரைத் திடீரென்று பெயருக்குப் பின்னால் சார் போட்டு அழைத்தாலும் அதே தொலைவுதான்.

எந்த நினைவைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் உண்மையான உழைப்பு. முதலில் நினைவுக்கு வருவது பெரும்பாலும் நாம் சாதித்த காரியமாக இருக்கும். அதை விட்டுவிட்டு அவர் செய்த காரியத்துக்குப் போக வேண்டும். சிறியதாக இருந்தால் நல்லது. பெரிய திட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னால் அதில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள், ஒரு ராத்திரியில் இரண்டு பேர்தான் இருந்திருப்பார்கள். அவர் அசடு வழிந்த சம்பவமாக இருக்கக் கூடாது, அப்போது சேர்ந்து சிரித்திருந்தாலும்கூட. ஐந்து வருடத்தில் நகைச்சுவை காய்ந்துவிடும், அவமானம் மட்டும் நிற்கும். ஆண்டோ பெயரோ சரியாக நினைவில்லை என்றால் அதைச் சொல்லாமல் "தீபாவளி சமயத்துல" என்று விடலாம். அடையாளமே அந்த விவரம்தான் என்பதால், அது தப்பானால் செய்தி முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இன்னொன்று, வாடிக்கையாளர் பெயர், தொகை, அப்போது ரகசியமாக இருந்த விவகாரம் ஆகியவற்றை எழுதவே கூடாது. கைப்பேசி எண்கள் கைமாறுகின்றன. ராஜேந்திரனின் பழைய எண் இன்று யாரோ ஒருவரிடம் இருக்கலாம். அவர் படித்தாலும் ஆபத்தில்லாத விவரமாக இருக்க வேண்டும். அகல்விளக்கு அந்தச் சோதனையில் தேறுகிறது.

அதே காரணத்தால் அவருடைய அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதுவதையும் தவிர்ப்பேன். பழைய எண் வேலை செய்யவில்லை என்றால் லிங்க்ட்இன்னில் இதே செய்தியை அனுப்பலாம். பொதுவான நண்பரிடம் எண் வாங்கினால், யாரிடம் வாங்கினீர்கள் என்பதைச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, தீபாவளி, பொங்கல், புத்தாண்டு நாட்களில் வேண்டாம். அன்று வரும் முன்னூறு வாழ்த்துப் படங்களுக்கு நடுவே அது காணாமல் போகும். சாதாரண வாரநாள் சாயங்காலம் போதும்.

எப்போது இந்த வகைச் செய்தி சரிப்படாது? உங்களுக்கு இந்த வாரமே அவர் உதவி தேவையென்றால் சரிப்படாது. அவர் கம்பெனியில் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, அதைச் சொல்லாமல் அகல்விளக்கு நினைவை எழுதி, மூன்று நாள் கழித்து "அப்புறம் அண்ணே, ஒரு விஷயம்" என்று வந்தால், முதல் செய்தி முழுவதும் தூண்டில் ஆகிவிடும். பழைய நினைவும் கெட்டுப்போகும். தேவை இருந்தால் அதை முதல் செய்தியிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான் முன்பு சொன்ன 2011 ஆய்வில் கேட்டதும் கிடைத்ததும் அப்படித்தான், மறைத்து அல்ல. பிரிந்தபோது மனக்கசப்போ கொடுக்கல் வாங்கல் பாக்கியோ இருந்திருந்தாலும் இது வேண்டாம். அங்கே முதலில் பேச வேண்டியது அந்தப் பாக்கியைப் பற்றி.

பதில் வந்தபின் என்ன செய்வது என்பது பலருக்குத் தெரியாத பகுதி. பதில் மூன்று விதமாக வரும். ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தால், படித்தார், மகிழ்ந்தார், பேச நேரமில்லை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். திரும்ப எழுதக் கூடாது. பதிலே வராமல், நீல நிறக் குறியும் விழாமல் இருந்தால் எண் மாறியிருக்கலாம். குறி விழுந்தும் பதில் இல்லையென்றாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எதுவும் கேட்காத செய்திக்கு மறுப்பு என்று ஒன்று இல்லை. "என் செய்தி பார்த்தீங்களா?" என்று கேட்டால்தான் அது கேட்புச் செய்தியாக மாறும்.

மூன்றாவது, நீளமான பதில். ராஜேந்திரன் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அடடே கவிதா! அந்த ராத்திரி ரொட்டி பரோட்டா வாங்கிட்டு வந்து கொடுத்தியே. நான் இப்போ ஜூரோங்ல குளிர்பதனக் கிடங்குல இருக்கேன்மா. பெட்டி எடை பார்க்குற வேலையேதான்! நீ இப்போ எங்க?" இதில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி, என்ன வேலை, இரண்டு வரி. அவர் சொன்ன புதுச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை, குளிர்பதனக் கிடங்கு புதிதாயிற்றே என்று. அவர் ஆறு வரி எழுதினால் நாம் பன்னிரண்டு வரி எழுத வேண்டாம். பேச்சு இரண்டு மூன்று முறை போய்வந்து தானாக ஓய்ந்தால் ஓயட்டும். அந்தப் பரிமாற்றத்துக்குள் எந்த உதவியும் கேட்கக் கூடாது, அவரே "ஏதாச்சும் வேணும்னா சொல்லும்மா" என்று சொன்னாலும்கூட. "கண்டிப்பா அண்ணே" என்று சொல்லி அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை மாதம் கழித்து ஒன்றைக் கேட்கலாம் என்பதற்கு விதி கிடையாது. நான் பார்ப்பது இரண்டு விஷயம். இடையில் அவர் பக்கத்திலிருந்து ஒரு முறையாவது தானாகச் செய்தி வந்ததா? நாம் கேட்கப்போவது அவருக்கு உண்மையிலேயே தெரிந்த விஷயமா? கவிதாவின் கம்பெனி சில மாதம் கழித்து உறைந்த மீன் இறக்குமதியில் இறங்குகிறது. இடையில் ராஜேந்திரன் பொங்கலுக்குத் தானாகவே வாழ்த்து அனுப்பியிருந்தார். இப்போது கவிதா சுற்றி வளைக்காமல் எழுதலாம்: "அண்ணே, இந்தத் தடவை ஒரு கேள்வியோட வர்றேன். எங்களுக்கு முதல் தடவையா உறைந்த மீன் வருது. கிடங்கு பக்கத்துல நீங்க முதல்ல பார்க்குற பேப்பர் எதுன்னு சொன்னாப் போதும். தெரியலைன்னாலும் பரவாயில்லை."

கேள்வி ஒன்றுதான், அவர் வேலைக்கு நேராக இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.